காசு கழிந்துவிட்டது, ஆனால் போய்ச் சேரவில்லை: ஒரு பொங்கல் சம்பளக் கணக்கு

பரந்தன் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நெல் வாங்கிய காசு, அரிசி விற்ற காசு, ஆட்களின் சம்பளம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் ஒரு பக்கம் "அனுப்பியாச்சு" என்பதையும் மறுபக்கம் "இன்னும் வரேல்லை" என்பதையும் அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அது எப்படி என்பதை 2025 தைப்பொங்கலுக்கு முன் நடந்த ஒரு சம்பள விஷயத்தை வைத்துச் சொல்கிறேன்.

அந்த வருடத்து ஜனவரிக் கலண்டரை எடுத்துப் பாருங்கள். 10ஆம் திகதி வெள்ளி. 11, 12 சனி ஞாயிறு. 13 திங்கள் துருத்துப் போயா. 14 செவ்வாய் தைப்பொங்கல். ஆக, வெள்ளிக்கிழமை பின்னேரம் வங்கி கதவைச் சாத்தினால் அடுத்த வேலைநாள் 15, புதன்கிழமை. எங்கள் ஆலையில் முந்தைய மாதச் சம்பளம் பத்தாம் திகதி போடுவது வழக்கம். பொங்கலுக்கு அரிசி, சர்க்கரை, பிள்ளைகளுக்குச் சட்டை என்று எல்லோரும் அந்தக் காசைத்தான் நம்பியிருந்தார்கள்.

சம்பளம் போடுவது எப்படி என்றால், ஆட்களின் பெயர், வங்கிக் குறியீடு, கிளைக் குறியீடு, கணக்கு இலக்கம், தொகை எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி, வங்கியின் இணையத்தளத்தில் நான் ஏற்றுவேன். நான் ஏற்றினால் மட்டும் காசு அசையாது. இரண்டாவது ஆளாக முதலாளி உள்ளே போய் அனுமதி கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே கோப்பை ஏற்றிவிட்டு முதலாளிக்குத் தகவல் அனுப்பினேன். அவர் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில். மண்டபத்துக்குள் சிக்னல் ஒழுங்காக இல்லை, ஓ.டி.பி. வரவில்லை. பிற்பகல் மூன்றே முக்காலுக்குத்தான் அனுமதி கொடுத்தார். சில நிமிடத்தில் ஆலைக் கணக்கிலிருந்து பதினொரு இலட்சத்துச் சொச்சம் ஒரே வரியாகக் கழிந்தது. திரையில் 'Processed' என்று வந்தது. "பிள்ளை, போயிட்டுது" என்று அவரும் தொலைபேசியில் சொன்னார்.

அரை மணி நேரத்தில் முதல் ஆள் வந்து நின்றான், மூட்டை தைக்கிற பெடியன். "அக்கா, பொயிலர் அண்ணைக்குச் சம்பளம் விழுந்திட்டுதாம். எனக்கு விழேல்லை. என்ர பேரை விட்டிட்டியளோ?"

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. எங்களிடம் 26 பேர். அவர்களில் 9 பேருக்கு ஆலை வைத்திருக்கும் அதே வங்கியில்தான் கணக்கு. அவர்களுக்கு உடனே விழுந்துவிட்டது. ஒரே வங்கிக்குள் காசு மாறுவது அந்த வங்கியின் சொந்தப் புத்தகத்தில் ஒரு வரியைக் கழித்து இன்னொரு வரியில் கூட்டுவதுதான். அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மற்ற 17 பேருக்கும் வேறு வங்கிகள். அவர்களுடைய காசு ஸ்லிப்ஸ் வழியாகப் போக வேண்டும்.

ஸ்லிப்ஸ் என்பது இலங்கையில் வங்கிகளுக்கிடையே தொகுதி தொகுதியாகக் காசு அனுப்பும் முறை. லங்காபே நிறுவனம் நடத்துகிறது. எங்கள் வங்கி தன் வாடிக்கையாளர்கள் எல்லோருடைய கோப்புகளையும் சேர்த்து ஒரு கட்டாக லங்காபேக்குக் கொடுக்கும். மற்ற வங்கிகளும் அப்படியே கொடுக்கும். அங்கே எல்லாவற்றையும் பிரித்து, இந்த வங்கி அந்த வங்கிக்கு இவ்வளவு, அது இதற்கு இவ்வளவு என்று கழித்துப் பார்த்து, கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற மிச்சத்தை மட்டும் எடுப்பார்கள். அந்த மிச்சம் மத்திய வங்கியில் ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்கும் கணக்கில் தீர்க்கப்படும். பெறுகிற வங்கி தனக்கு வந்த பட்டியலைப் பார்த்து ஆட்களின் கணக்கில் வரவு வைக்கும். இது வேலைநாளில், குறித்த நேரங்களில் மட்டும் நடக்கிற காரியம். நேரத்துக்குக் கொடுத்தால் அன்றைக்கே போய்ச் சேரும். நேரம் தப்பினால் அடுத்த வேலைநாள்.

கட்டைக் கட்டி லங்காபேக்குக் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு முன்னால் ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு கடைசி நேரம் வைத்திருக்கிறது. எங்கள் வங்கியில் அப்போது அது பிற்பகல் இரண்டு மணி. வங்கி மூடும் நேரம் வேறு, இது வேறு. கவுண்டர் திறந்திருக்கிறது, இணையத்தளம் இரவு பன்னிரண்டுக்கும் திறந்திருக்கிறது, அனுமதி கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கட்டு இரண்டு மணிக்கே கட்டியாகிவிட்டது.

அப்படியானால் ஏன் உடனே எங்கள் கணக்கில் கழித்தார்கள்? நானும் முதலில் இதைத்தான் கேட்டேன். காரணம் எளிது. மத்திய வங்கியில் தீர்வு நடந்தால் எங்கள் வங்கிதான் மற்ற வங்கிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். இடையில் நாங்கள் அந்தக் காசை வேறு எதற்காவது எடுத்துவிட்டால் நட்டம் அவர்களுக்கு. அதனால் அனுமதி கிடைத்த நிமிடமே எங்கள் கணக்கிலிருந்து எடுத்து, தங்களுக்குள் ஓர் இடைக்கணக்கில் போட்டு வைத்துவிடுகிறார்கள். ஆக, எங்கள் கணக்கில் விழுந்த கழிவு, 'உன்னிடமிருந்து எடுத்துவிட்டோம்' என்பதை மட்டும் சொல்கிறது. 'அவனிடம் கொடுத்துவிட்டோம்' என்பது அதில் இல்லை. வெள்ளி பின்னேரத்திலிருந்து புதன் காலை வரை எங்கள் ஆட்களின் சம்பளம் எங்கள் வங்கிக்குள்ளேயே இருந்தது.

இதைத் திரையிலேயே கண்டுபிடிக்கலாம். 'Processed' என்ற சொல்லை நம்பிப் பயனில்லை. எங்கள் வங்கியின் தளத்தில் அது, கோப்பில் பிழை இல்லை, கழித்தாயிற்று என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. கோப்பின் விவர அறிக்கையைத் திறந்தால் கீழே சின்ன எழுத்தில் 'Value date' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அனுமதி கொடுத்த திகதி 10/01/2025. அந்தக் கட்டத்தில் 15/01/2025. நான் காலையில் ஏற்றும்போது அங்கே 10தான் இருந்தது. இரண்டு மணி தாண்டிய பிறகு அனுமதி வந்ததும் தளமே அதை அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிவிட்டது. சிவப்பு எழுத்தும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வங்கிகள் இந்த ஒன்றைத் திரையின் நடுவில் பெரிதாகப் போட்டால் நாட்டில் பாதிச் சண்டை குறையும் என்பது என் கருத்து.

சனிக்கிழமை காலை நிலைமை சூடாகிவிட்டது. விசுவமடுவில் இருந்து வருகிற ஓர் அண்ணை தன்னுடைய வங்கிக் கிளைக்கு விடியவே போயிருக்கிறார். கிளை பூட்டு. அந்த வங்கியின் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டால், "உங்கட கணக்குக்கு ஒண்டும் வரேல்லை, அனுப்பினவையைக் கேளுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நேரே ஆலைக்கு வந்து, "பிள்ளை, அவங்கள் நீங்கள் அனுப்பவே இல்லை எண்டுறாங்கள்" என்றார். அந்த வங்கிக்காரர் சொன்னதில் பிழை இல்லை. கட்டு லங்காபேக்குப் போய்ப் பிரிந்து தங்களிடம் வரும்வரை, வழியில் ஒரு காசு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெறுகிற வங்கியில் போய் விசாரிப்பதால் இந்த நிலையில் எந்தப் பயனும் இல்லை. விசாரிக்க வேண்டிய இடம் அனுப்பிய வங்கி.

நான் எங்கள் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்தேன். "காசு போச்சா?" என்று கேட்டால் "கழிந்திருக்கிறது மேடம்" என்றுதான் பதில் வரும். அதனால் கோப்பின் இலக்கத்தைக் கொடுத்து, இந்தக் கோப்பு ஸ்லிப்ஸுக்கு அனுப்பப்பட்டுவிட்டதா, எந்தத் திகதித் தொகுதியில் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்துவிட்டு அந்தத் தம்பி தெளிவாகச் சொன்னான்: "இன்னும் அனுப்பேல்லை. புதன்கிழமை முதல் தொகுதியில போகும்." நிறுத்தி வைக்கலாமா என்றும் கேட்டேன். அதற்கு எழுத்தில் கடிதம் வேண்டும், அதைப் பார்க்கிற பிரிவும் புதன்தான் திறக்கும் என்றான். சரி, அந்தக் காசு புதன் வரைக்கும் பூட்டுத்தான்.

இதற்குள் முதலாளி ஒரு யோசனை சொன்னார். "பிள்ளை, போன்ல சீஃப்ட்ஸ் போட்டால் உடன போகுதுதானே. முழுச் சம்பளத்தையும் திருப்பி ஒருக்கா அனுப்பிவிடு, பிறகு பாப்பம்."

அவர் சொன்னதில் பாதி சரி. சீஃப்ட்ஸ் 2015இல் வந்தது. அதையும் லங்காபேதான் நடத்துகிறது. அதில் பெறுகிறவருக்கு அந்த நிமிடமே வரவு வைத்துவிடுகிறார்கள். வங்கிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது பிறகு நடக்கும். அதனால் போயா, பொங்கல், நள்ளிரவு எதுவும் அதைத் தடுப்பதில்லை. ஒரு தடவைக்கு 50 இலட்சம் வரை போகும் என்றாலும் ஒவ்வொரு வங்கியின் போன் ஆப்பிலும் ஒரு நாளுக்கான எல்லை அதைவிடக் குறைவாகவே இருக்கும். முதலாளியின் ஆப்பில் 17 பேரின் முழுச் சம்பளம் அன்றைக்குப் போயிருக்காது. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஸ்லிப்ஸ் கோப்பு செத்துப் போகவில்லை, புதனுக்காகக் காத்துக் கொண்டிருக்கிறது. சனிக்கிழமை முழுச் சம்பளம் அனுப்பினால் புதன்கிழமை இன்னொரு முழுச் சம்பளம் போய் விழும். விழுந்த பிறகு ஆளின் சம்மதம் இல்லாமல் வங்கி அதைத் திருப்பி எடுத்துத் தராது. லீசிங் தவணை பிடிக்கிற கணக்கென்றால் விழுந்த கையோடு அங்கே போய்விடும். பிறகு நான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டியதுதான்.

அதனால் சம்பளத்தைத் தொடாமல், 17 பேருக்கும் ஆளுக்கு 15,000 ரூபா முற்பணம் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். மொத்தம் 2,55,000. ஆப் எல்லை விட்ட அளவுக்கு தூர இடத்து ஆட்களுக்கு முதலாளியின் சொந்தக் கணக்கில் இருந்து சீஃப்ட்ஸ் போட்டோம். மற்றவர்களுக்கு அன்றைய சில்லறை அரிசி விற்பனைக் காசும் தவிட்டுக் காசும். ஒவ்வொருவரிடமும் வவுச்சரில் கையெழுத்து வாங்கினேன். 'முற்பணம்' என்று மட்டும் எழுதவில்லை. '10.01.2025 அனுப்பிய டிசம்பர் சம்பளம் வந்து சேரும்வரை கொடுத்த முற்பணம், பெப்ரவரியில் கழிக்கப்படும்' என்று முழுதாக எழுதினேன். பிறகு யாருக்கும் எந்தக் காசு எதற்கு என்ற சந்தேகம் வரக்கூடாது.

எல்லோருடைய பிரச்சினையும் இதில் தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெல் காயப்போடுகிற அண்ணை ஒருவர், "பொங்கலுக்கு முதல் அடகில கிடக்கிற சங்கிலியை மீட்டுத் தாறன் எண்டு மனிசிக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். அதற்கு 15,000 போதாது. போதுமான காசு கிடைத்திருந்தாலும் திங்களும் செவ்வாயும் வங்கி அடகுப் பிரிவு பூட்டு. அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

புதன்கிழமை காலை கட்டு போனது. ஒரே கட்டில் போன காசு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழவில்லை. சிலருக்கு மத்தியானத்துக்கு முன், சிலருக்கு நாலு மணிக்குப் பிறகு. பெறுகிற வங்கி தன் பட்டியலை எப்போது கணக்குகளில் ஏற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது. ஒருவருக்கு மட்டும் பின்னேரமும் வரவில்லை. அவர் பழைய கணக்கை மூடிவிட்டு வேறு கிளையில் புதிதாகத் திறந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. அந்தத் தொகை அடுத்த நாள் எங்கள் கணக்குக்குத் திரும்பி வந்தது. கழிவு ஒரு வரியாக மொத்தமாகப் போயிருந்ததால், திரும்பி வந்த வரியை ஆளின் பெயரோடு பொருத்திப் பார்க்க கோப்பின் அறிக்கையை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததைப் புதிய இலக்கத்துக்குச் சீஃப்ட்ஸில் அனுப்பினோம். அந்தக் கட்டத்தில் திருப்பி அனுப்புவதில் ஆபத்து இல்லை, ஏனென்றால் காசு கண்ணுக்கு முன் எங்கள் கணக்கில் இருந்தது.

சீஃப்ட்ஸிலும் சில நேரம் இங்கே கழிந்து அங்கே விழாமல் போவதுண்டு. அது வேறு நோய். நேரம் தப்பியதாலோ விடுமுறையாலோ வருவதில்லை, இரண்டு வங்கிக்கும் இடையே பதில் வராமல் அறுந்து போவதால் வருவது. போனில் அனுப்பிய சிறு தொகை சில நிமிடத்தில் போகவில்லை என்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். வரும்வரை மறுபடி அனுப்பாமல், இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அனுப்பிய வங்கிக்குச் சொல்வது நல்லது. ஸ்லிப்ஸ் என்றால் நான் அந்தத் திகதிக் கட்டத்தில் இருக்கும் நாளின் பின்னேரம் வரை பதற மாட்டேன். அதற்கு அடுத்த வேலைநாளும் விழாமலும் திரும்பாமலும் இருந்தால்தான் எழுத்தில் முறைப்பாடு.

இப்போது சம்பளத்தை எப்படிச் செய்கிறோம் என்றால், ஆட்களுக்குக் காசு தேவைப்படும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். அதற்கு முந்தைய வேலைநாள் மத்தியானம் பன்னிரண்டுக்குள் இரண்டாவது அனுமதி முடிந்திருக்க வேண்டும். கோப்பை நான் எப்போது ஏற்றினேன் என்பதற்கு மதிப்பே இல்லை, அனுமதி நேரம்தான் கணக்கு. முதலாளி வெளியூர் போனால் அனுமதி கொடுக்க அவருடைய மகனையும் பதிந்து வைத்திருக்கிறோம். அனுமதி வந்த கையோடு திகதிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களுக்குச் சொல்வேன்.

கலண்டர் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி விடுமுறையும் வர்த்தக விடுமுறையும் ஒன்றல்ல. மகா சிவராத்திரி, பெரிய வெள்ளி, ரமழான், தீபாவளி எல்லாம் வங்கி விடுமுறை, ஆனால் வர்த்தக விடுமுறை இல்லை. 2025இல் சிவராத்திரி பெப்ரவரி 26, புதன்கிழமை வந்தது. கொழும்பில் எங்களிடம் அரிசி எடுக்கிற கம்பனியின் அலுவலகம் திறந்திருந்தது, அங்குள்ளவர் வேலை செய்தார், காசும் அனுப்பினார். ஆனால் ஸ்லிப்ஸ் ஓடவில்லை. வாரத்தின் நடுவில் வருகிற இப்படியான ஒற்றை நாள்தான் அதிகம் ஏமாற்றும். நீண்ட விடுமுறை என்றால் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டில் இருந்து வருகிற காசுக்கு இரண்டு நாட்டு விடுமுறையும் சேரும். கனடாவில் வெள்ளி பின்னேரம் அனுப்பினால் இங்கே சனி விடிந்துவிட்டது, திங்கள் போயா என்றால் செவ்வாய்.

வாங்குகிறவர்கள் பக்கத்தில் இதே கதை தலைகீழாக வரும். லொறி வந்து நிற்கும், சாரதி அவசரப்படுவார், வாங்குகிறவர் தன் கணக்கில் கழிந்த வரியைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு "ஏத்துங்கோ" என்பார். அந்தப் படம் போலி என்று நான் நினைப்பதில்லை. ஆனால் அதில் நான் தேடுவது சீஃப்ட்ஸா ஸ்லிப்ஸா என்பதும், ஸ்லிப்ஸ் என்றால் எந்த நேரம் அனுமதி கொடுத்தார்கள் என்பதும். சீஃப்ட்ஸ் என்றால் எங்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ கோளாறு. பிற்பகல் மூன்று மணி ஸ்லிப்ஸ் என்றால் சாரதிக்குத் தேத்தண்ணி கொடுத்து, நாளைக்குத்தான் ஏற்றலாம் என்று நேரே சொல்லிவிடுவேன். பழைய வாடிக்கையாளர் என்றால் முதலாளி தன் பொறுப்பில் ஏற்றச் சொல்வதுண்டு. அப்படி ஏற்றினால் பட்டியலில் 'கடன்' என்றே எழுதுகிறேன், வங்கி வரவு என்று எழுதுவதில்லை. ஒருமுறை பட்டியல் வாங்கவந்த சாரதி அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அவர் காசு கட்டிட்டார், பிறகேன் கடன் எண்டு போடுறியள்?" என்று கேட்டார். நாளைக்கு மத்தியானம் விழுந்ததும் மாற்றி எழுதிவிடுவேன் என்று சொல்லிப் பட்டியலைக் கையில் கொடுத்தேன்.